ஒரு ஜக், மூன்று படுக்கைகள்

காலை ஆறு மணி. ஆண்கள் மருத்துவ வார்டில் நைட் டியூட்டி முடியும் நேரம். யாருக்கு எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்ற 24 மணி நேரக் கணக்கைச் சார்ட்டில் முடித்து வைத்தால்தான் அடுத்தவரிடம் வார்டை ஒப்படைக்க முடியும். கையுறையைப் போட்டுக்கொண்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜக்கை எடுத்துக்கொண்டு, யூரின் டியூப் போட்டிருக்கும் படுக்கைகளுக்கு ஒவ்வொன்றாகப் போவோம். பையின் அடிக்குழாயைத் திறந்து ஜக்கில் வடிப்போம், அளவைப் பார்த்து எழுதுவோம், பக்கெட்டில் கொட்டிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்வோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். கையில் கையுறை இருந்ததால் சுத்தமாகவே வேலை செய்கிறோம் என்று நம்பியும் இருந்தேன்.

நர்ஸிங் முதலாண்டுப் பாடத்தில் ஒரு படம் வரும். ஆறு கண்ணிகள் கோத்த ஒரு சங்கிலி: கிருமி, அது குடியிருக்கும் இடம், அங்கிருந்து வெளியேறும் வாசல், பரவும் வழி, இன்னோர் உடலுக்குள் நுழையும் வாசல், எளிதில் தொற்றிக்கொள்ளும் ஆள். இதில் ஒன்றை அறுத்தாலே நோய் பரவாது என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கும். பரீட்சையில் ஐந்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவோம். அந்தப் படத்தில் எனக்குப் பின்னாளில் உறுத்தியது ஒன்றுதான். ஆறு கண்ணிகளையும் ஒரே தடிமனில் வரைந்திருப்பார்கள். வார்டில் சில கண்ணிகள் இரும்பாக இருக்கின்றன, சில வெறும் நூலாக இருக்கின்றன. எது நூல் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்த ஜக்.

தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. ஒன்பதாம் படுக்கையில் 63 வயதுப் பெரியவர். பக்கவாதம், கூடவே பல வருடச் சர்க்கரை. அவசரப் பிரிவுக்கு இரவில் கொண்டுவந்தபோது பேச்சு இல்லை, சிறுநீர் போவதும் தெரியவில்லை, அதனால் அங்கேயே டியூப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஆறாம் நாள் காய்ச்சல் 101.4 டிகிரி. அடிவயிற்றைத் தொட்டால் முகம் சுளித்தார். கல்ச்சரில் கிளெப்சியெல்லா வளர்ந்தது, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அடுத்த ஐந்து நாளில் பதினொன்றாம் படுக்கைக்காரருக்குக் காய்ச்சல், பிறகு பதினான்குக்கு. மூன்று ரிப்போர்ட்டிலும் ஒரே கிருமி. எந்தெந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்ற பட்டியலும் மூன்றிலும் ஒன்றுபோல இருந்தது. பட்டியல் ஒத்துப்போவதாலேயே அது ஒரே இடத்திலிருந்து வந்த கிருமி என்று சாதித்துவிட முடியாது, அதற்கு மரபணுச் சோதனை வேண்டும். ஆனால் சந்தேகப்பட இது போதும்.

அந்த வார்டில் அப்போது ஏழு பேருக்கு டியூப் இருந்தது: 3, 5, 6, 9, 11, 14, 20. மூன்று, ஐந்து, ஆறு தப்பியிருக்கிறார்கள். ஒன்பதுக்குப் பிறகு வருகிற பதினொன்றும் பதினான்கும் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் வரிசையில் கடைசியான இருபதுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இது புரியவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய், யாரையும் கேள்வி கேட்காமல் ஒரு ஓரமாக நின்றேன்.

ஜக் மூன்றாம் படுக்கையில் ஆரம்பித்தது. வரிசையாகப் போனது. ஒன்பதில் பையின் குழாய் நுனி ஜக்கின் உள்விளிம்பில் நன்றாக இடித்தது, கடைசிச் சொட்டு விழுவதற்காகத் தட்டவும் தட்டினார்கள். அதே ஜக், அதே கையுறை, பதினொன்றுக்குப் போனது. அங்கேயும் நுனி விளிம்பில் இடித்தது. பதினான்கில் அதுவே நடந்தது. பிறகு ஜக்கைக் கொண்டுபோய்ப் பிளீச்சிங் கரைசலில் அமுக்கிவிட்டார்கள். இருபதாம் படுக்கைக்கு யாரும் போகவில்லை. அந்தப் பெரியவரின் மகன், அப்பாவின் பையைத் தானேதான் வடிப்பாராம், வேறு யாரையும் தொட விடமாட்டாராம். கழுத்து வெட்டிய ஒரு தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டருக்குப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். வார்டில் எல்லோரும் அவரைச் சிடுமூஞ்சி என்று சொல்வார்கள். அந்த ஏழு பைகளை வடித்தவர்களில் சரியாக வேலை செய்துகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

இனி அந்தச் சங்கிலியை இந்த வார்டில் வைத்தே பார்க்கலாம்.

குடியிருக்கும் இடம் என்றால் புத்தகம் மனிதன், விலங்கு, மண் என்று சொல்லும். இங்கே அது முதலில் ஒன்பதாம் படுக்கைக்காரரின் குடல். கிளெப்சியெல்லா பலருடைய குடலில் சும்மா கிடக்கிற கிருமிதான். அங்கிருந்து அவருடைய மூத்திரப்பைக்குப் போய், டியூப் வழியாகப் படுக்கையோரத்தில் தொங்கும் பைக்கு வந்திருக்கிறது. வெதுவெதுப்பான சிறுநீர் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும் அந்தப் பை கிருமிக்கு நல்ல குடித்தனம். அதற்கு நர்ஸ் செய்ய வேண்டியது மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் வடித்துவிடுவது. டியூட்டி மாறும் நேரம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்த குடியிருப்பு ஜக். அதைக் கரைசலில் போடுகிறோமே, அப்புறம் என்ன என்று கேட்டார்கள். போட்ட விதத்தைப் பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவாமல், சிறுநீர்ப் படலம் ஒட்டியிருக்கவே நேராக முக்கியிருந்தார்கள். குளோரின் அந்தப் படலத்தோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. கரைசலோ முந்தைய நாள் காலையில் கலந்தது. முதலில் சோப்பும் தண்ணீரும், பிறகு அன்றன்று கலந்த 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம், பிறகு அலசிக் கவிழ்த்துவைத்து உலரவிடுதல். ஐந்து சதவீதத் திரவம் வருகிற இடத்தில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். இதில் எல்லோரும் கோட்டைவிடுவது கடைசிப் படியைத்தான். ஈரமாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிவைத்த ஜக்குகளுக்கு இடையே கிருமி சௌகரியமாக இருக்கும்.

வெளியேறும் வாசல் அந்தப் பையின் அடிக்குழாய் நுனி. சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. வடிப்பதற்குச் சரியான முறை இது: கைக்கு ஹேண்ட்ரப், புதுக் கையுறை, அந்த நோயாளிக்கென்றே பெயர் எழுதிய ஜக். நுனி ஜக்கின் எந்தப் பக்கத்தையும் தொடாதபடி, இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பிடித்துத் திறக்க வேண்டும். முழுக்க வடிந்ததும் மூட வேண்டும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நுனியைத் துடைத்து, அதன் உறைக்குள் செருக வேண்டும். அளவு எழுதி, கழிப்பறையில் கொட்டி, கையுறையைக் கழற்றி, மறுபடியும் ஹேண்ட்ரப். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். ஏழு பேருக்குப் பதினான்கு நிமிடம். 32 படுக்கைக்கு இரண்டு நர்ஸ் இருக்கும் வார்டில் பதினான்கு நிமிடம் லேசான விஷயம் இல்லை. இதைச் சொல்லாமல் வெறும் உபதேசம் செய்கிறவர்களை வார்டில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

பரவும் வழி கை. கையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப்போவதில்லை, கையுறையைப் பற்றிச் சொல்கிறேன். கையுறை நர்ஸைக் காப்பாற்றுகிறது. ஒன்பதில் போட்ட கையுறையோடு பதினொன்றுக்குப் போனால் அது பதினொன்றைக் காப்பாற்றாது. வெறுங்கையில் ஈரம் பட்டால் நமக்கே அருவருப்பாக இருக்கும், கழுவப் போவோம். கையுறை அந்த அருவருப்பை மறைத்துவிடுகிறது. எங்கள் வார்டில் கையுறையின் பயன்பாடு கூடக் கூடக் கை கழுவுவது குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுமுன், சுத்தமாகச் செய்யவேண்டிய வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். ஹேண்ட்ரப் என்றால் கை முழுதும் நனைய 20 முதல் 30 வினாடி, சோப்பு என்றால் மொத்தம் 40 முதல் 60 வினாடி. ஜெனீவாவின் பல்கலைக்கழக மருத்துவமனையில் திதியே பித்தே என்ற மருத்துவர் படுக்கைதோறும் ஹேண்ட்ரப் வைத்து இதைப் பழக்கப்படுத்தினார். 1994-ல் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997-ல் 66 ஆனது. மருத்துவமனையில் தொற்றும் நோய் 16.9 சதவீதத்திலிருந்து 9.9-க்கு இறங்கியது. நான் இதில் பார்ப்பது 66 என்ற எண்ணை. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏறியதற்கே அந்தப் பலன். ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்ய வேண்டும் என்று மிரட்டுவதைவிட, படுக்கைக் கம்பியிலேயே பாட்டிலை மாட்டிவிடுவது மேல். எங்கள் வார்டில் அதுவரை பாட்டில் நர்ஸ் மேசையில் இருந்தது. பதினான்காம் படுக்கையிலிருந்து மேசைக்குப் போய்வர முப்பது அடி.

நுழையும் வாசலுக்கு வருவோம். நூல் கண்ணி என்று நான் சொன்னது இதைத்தான். டியூப் இல்லாத பத்தாம் படுக்கைக்காரர் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் கிடந்தார். அவர் கம்பியிலும் கிளெப்சியெல்லா இருந்திருக்கலாம், கையிலும் இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய மூத்திரப்பைக்குப் போக அதற்கு வாசல் இல்லை. வாசலைத் திறந்துவைத்தது நாம் போட்ட டியூப்.

டியூப் வழியாகக் கிருமி இரண்டு பாதையில் ஏறும். ஒன்று உட்பாதை: பையிலிருந்தோ, டியூபும் பையும் சேரும் இணைப்பிலிருந்தோ மேலே போவது. ஜக் கொண்டுவந்தது இந்தப் பாதையில்தான். இன்னொன்று வெளிப்பாதை: டியூபின் வெளிப்புறத்தை ஒட்டி, நோயாளியின் சொந்தக் குடல் கிருமி மெல்ல ஊர்ந்து உள்ளே போவது. ஜக்கையே குற்றவாளியாக்கிவிட்டு நான் ஒதுங்க முடியாமல் போனதற்கு இந்த வெளிப்பாதை காரணம். பெரும்பாலான டியூப் தொற்றுகள் அப்படித்தான் வருகின்றன, ஒன்பதாம் படுக்கைக்காரருக்கும் முதலில் அப்படித்தான் வந்திருக்கும்.

உட்பாதையை அடைக்க வழி, இணைப்பைப் பிரிக்காமலே வைத்திருப்பது. ஒருகாலத்தில் டியூபின் முனையைத் திறந்த பாட்டிலில் விட்டுவைப்பார்கள், நான்கு நாளுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி வந்துவிடும். மூடிய பை முறையால் அதைத் தள்ளிப்போட முடியும் என்று 1966-ல் கூனினும் மெக்கார்மாக்கும் எழுதினார்கள். மூடிய பை இன்று எல்லா இடத்திலும் இருக்கிறது, மூடித்தான் வைக்கிறோமா என்பதில் சந்தேகம் இருக்கிறது. வேட்டி மாற்றும்போது இணைப்பைக் கழற்றி மாட்டுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது இன்னொரு கூத்து நடக்கும். ஸ்ட்ரெச்சரில் பையைத் தொங்கவிட இடமில்லை என்று நோயாளியின் வயிற்றின் மேலேயே வைத்துவிடுவார்கள். பை மூத்திரப்பைக்கு மேலே போனதும் தேங்கிய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. நகர்த்துவதற்கு முன் வடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெளிப்பாதைக்குத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவுவதே போதும். டெட்டால், பீட்டாடைன் என்று தேய்ப்பதால் கூடுதல் பலன் கிடையாது, தோல்தான் புண்ணாகும். மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். டியூபைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டிவைக்க வேண்டும். அது முன்னும் பின்னும் இழுபட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் கிருமி கொஞ்சம் உள்ளே தள்ளப்படும். போடும்போதே கிருமி நீக்கிய கையுறையும் ஜெல்லும் வேண்டும். சிறுநீர் வடியப் போதுமான மிகச்சிறிய அளவு டியூபே போதும், ஆண்களுக்கு வழக்கமாக 14 அல்லது 16. பெரிய டியூப் போட்டால் ஓரத்தில் கசியாது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் உறுத்தல் கூடி, கசிவும் கூடும்.

இவ்வளவும் செய்தாலும் டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மாதம் தாண்டினால் தப்பியவர் அநேகமாக இருக்க மாட்டார். ஆகவே ஆறு கண்ணியிலும் ஒரே வெட்டில் அறுபடுவது இதுதான்: டியூபை எடுத்துவிடுவது. எடுக்கச் சொல்ல டாக்டர் எழுத வேண்டும். ஆனால் அதை நினைவுபடுத்துவது நர்ஸ் கையில் இருக்கிறது. காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு டியூபுக்கும் ஒரே கேள்வி, “இன்னைக்கு இது எதுக்கு இருக்கு சார்?” அந்தக் காலையில் ஏழு படுக்கைக்கும் கேட்டேன். மூன்றுக்குக் காரணம் இருந்தது: ஒருவருக்குப் புராஸ்டேட் அடைப்பு, ஒருவர் மணிக்கொரு முறை சிறுநீர் அளக்க வேண்டிய நிலையில் இருந்தார், ஒருவருக்கு முதுகின் அடியில் படுக்கைப்புண். மற்ற நால்வருக்கும் அவசரப் பிரிவில் போட்டார்கள், யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். படுக்கை நனையாமல் இருக்கட்டும் என்பது காரணம் ஆகாது. அவர்களுக்கு யூரின் கேனோ, வெளியில் மாட்டும் காண்டம் டியூபோ போதும்.

கிருமி என்ற கண்ணியைத்தான் எல்லோரும் முதலில் வெட்டப் பார்க்கிறார்கள், ஆன்டிபயாடிக் போட்டு. டியூபின் உள்சுவரில் கிருமிகள் தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு பாசிப்படலம் கட்டிக்கொள்ளும், மருந்து அதற்குள் ஒழுங்காக இறங்காது. காய்ச்சல் இல்லாமல், வலி இல்லாமல், சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்பதற்காகக் கல்ச்சர் அனுப்பினால் ஏதாவது ஒன்று கட்டாயம் வளரும். அதைப் பார்த்து மருந்து போட்டால் அடங்காத கிருமியை நாமே வளர்க்கிறோம். நர்ஸ் செய்ய வேண்டியது சரியான சாம்பிள் எடுப்பது. ஒன்பதாம் படுக்கைக்கு முதலில் ஒரு பயிற்சி மாணவி பையிலிருந்தே பிடித்து அனுப்பிவிட்டாள், மூன்று வகைக் கிருமி கலந்து ரிப்போர்ட் வந்தது, ஒன்றுக்கும் உதவவில்லை. டியூபில் அதற்கென்றே ரப்பர் வாய் இருக்கிறது. அதற்குக் கீழே பத்து நிமிடம் கிளாம்ப் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்ந்த பிறகு சிரிஞ்சில் இழுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

கடைசிக் கண்ணி, ஆள். 63 வயது, சர்க்கரை, பக்கவாதம், இவற்றில் எதையும் நர்ஸ் மாற்ற முடியாது. இன்சுலினை நேரத்துக்குப் போடலாம், டாக்டர் தடுக்காவிட்டால் தண்ணீர் போதிய அளவு உள்ளே போகிறதா பார்க்கலாம், மலச்சிக்கல் வராமல் பார்க்கலாம், உட்காரவைக்கலாம். எதற்கும் உடனே பலன் தெரியாது. பாடப்புத்தகம் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறது. இரும்புக் கண்ணி என்றால் எனக்கு இதுதான்.

அன்று மதியமே நான்கு டியூபுகள் போயின. காலிசெய்த பைகளும் டியூபுகளும் சிவப்புக் கவரில் விழுந்தன. மிச்ச மூன்று பேருக்கு மூன்று ஜக், மேலே பிளாஸ்டரில் படுக்கை எண். இருபதாம் படுக்கை மகனிடம் ஜக்கைக் கொடுத்தபோது வாங்க மறுத்தார். “என் பாட்டிலே இருக்கட்டும் சிஸ்டர். நான் தினம் கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவுறேன்” என்றார். நான் வற்புறுத்தவில்லை, நுனியைப் பாட்டில் வாயில் இடிக்காமல் பிடிக்க மட்டும் காட்டிக்கொடுத்தேன். அடுத்த ஆறு வாரத்தில் அந்த மருந்துப் பட்டியலோடு ஒரு கிளெப்சியெல்லாவும் அந்த வார்டிலிருந்து வரவில்லை. ஜக், கை, டியூப் என்று மூன்றையும் ஒரே நாளில் மாற்றியதால், எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

ஒன்பதாம் படுக்கைக்காரருக்கு டியூப் எடுத்தது மதியம் பன்னிரண்டு மணிக்கு. ஊசியில்லாத சிரிஞ்சை மாட்டினேன், பலூனில் இருந்த 10 மில்லி தண்ணீரும் தானாக இறங்கியது. டியூப் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஆறு மணி நேரத்துக்குள் தானாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி யோசிக்க வேண்டும். மூன்று மணி ஆனது, நான்கரை ஆனது. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், லேசாகப் புடைத்திருந்தது. மனைவி யூரின் கேனைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “குழாய்த் தண்ணிய லேசாத் தொறந்து விடுங்கம்மா, அந்தச் சத்தம் கேட்டா வரும்” என்றேன். ஐந்தேகாலுக்கு அவரே மேசைக்கு ஓடி வந்தார். “சிஸ்டர், தானாவே போயிட்டாருங்க!”

கேனில் இருந்ததை, ஒன்பது என்று புதிதாக எழுதிய இன்னொரு ஜக்கில் ஊற்றி அளந்தேன். 220 மில்லி. சார்ட்டில் எழுதிவிட்டு, ஜக்கைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கரைசலில் வைத்தேன்.